“ஆறு மாசம், எக்ஸ்டெண்ட் ஆயிடும்” என்று ரெக்ரூட்டர் சொன்னால் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: சென்னையில் ஒரு ஐடி கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். நிரந்தர வேலை, நாலு வருஷம் மூணு மாசம் ஆகிறது. சிடிசி 7.2 லட்சம், நோட்டீஸ் பீரியட் 60 நாள். போன வாரம் ஒரு ரெக்ரூட்டர் கூப்பிட்டு, “ஓஎம்ஆர்ல பெரிய கிளையண்ட், 9.6 லட்சம், ஆறு மாச கான்ட்ராக்ட், எக்ஸ்டெண்ட் ஆயிடும், பெனிஃபிட்ஸ் எல்லாம் உண்டு” என்றார். ரொம்பத் துருவிக் கேட்டால் என் பெயரை எடுத்துவிடுவாரோ என்று பயம். அப்பா அம்மா இருவரும் என் ஆபீஸ் இன்சூரன்ஸில்தான் இருக்கிறார்கள். எதை, எப்போது, எப்படிக் கேட்பது?

பதில்: கேட்டதற்காகப் பெயரை எடுக்க மாட்டார்கள். ரெக்ரூட்டருக்கு இன்சென்டிவ் வருவது ஆள் வேலையில் சேர்ந்த பிறகுதான். எல்லாவற்றுக்கும் தலையாட்டி, ஆஃபர் லெட்டரும் வாங்கிக்கொண்டு, சேருகிற நாளில் போனை எடுக்காத ஆள்தான் அவருக்குத் தலைவலி. முதலிலேயே தெளிவாகக் கேட்கிறவர் வந்து சேருவார் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். நியாயமான கேள்விக்கு எரிந்து விழுகிறவர் இருந்தால், அந்த வேலையைப் பற்றி உங்களுக்கு ஒரு தகவல் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்க வேண்டிய நேரம் முதல் போன் பேச்சின் கடைசி. கரன்ட் சிடிசி, எக்ஸ்பெக்டட் சிடிசி, நோட்டீஸ் பீரியட் மூன்றையும் அவர் கேட்டு முடித்து, “ரெஸ்யூமே அனுப்புங்க” என்பார். அந்த இடத்தில் உங்கள் முறை வருகிறது. இன்டர்வியூ மூன்று சுற்று முடிந்து ஆஃபர் வந்த பிறகு கேட்டால், கிளையண்டிடம் உங்கள் பெயர் ஏற்கெனவே போயிருக்கும். எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள், வருகிற பதிலும் அவசரப் பதிலாகவே இருக்கும்.

ரெக்ரூட்டர் பெரும்பாலும் எதையும் மறைப்பதில்லை. அவருக்கே முழுதாகத் தெரியாது. அவர் கையில் இருப்பது வேலை விவரமும், பட்ஜெட்டும், ‘ஆறு மாதம்’ என்ற ஒரு வரியும்தான். கிளையண்டோடு போட்ட ஒப்பந்தத்தைப் பார்ப்பது அவர் ஆபீஸின் அக்கவுண்ட் மேனேஜர். அதனால் கேள்வியோடு அதற்கான வழியையும் சேர்த்துக் கொடுங்கள். இப்படிச் சொல்லலாம்:

“ரெஸ்யூமே இன்னிக்கே அனுப்பிடறேங்க. மூணு விஷயம் மட்டும் தெரிஞ்சா எனக்கு முடிவெடுக்க வசதியா இருக்கும். பேரோல் யாரோடது? பிஓ எந்தத் தேதி வரைக்கும் இருக்கு? மெடிக்கல்ல பேரன்ட்ஸ் கவர் ஆவாங்களா? இப்பத் தெரியலைன்னா பரவால்ல, உங்க அக்கவுண்ட் மேனேஜர்கிட்ட கேட்டு ஒரு மெயில் போட்டுடுங்க.”

மற்ற எல்லா பதில்களும் பேரோல் கேள்வியைப் பொறுத்தே மாறும் என்பதால் அது முதலில் வருகிறது. ‘கான்ட்ராக்ட்’ என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் சந்தையில் ஓடுகின்றன. கிளையண்டே உங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தன் ஊழியராக எடுப்பது ஒன்று. ஸ்டாஃபிங் கம்பெனி உங்களுக்குச் சம்பளம் போட்டு, கிளையண்ட் இடத்தில் உட்கார வைப்பது இரண்டாவது. ஓஎம்ஆரில் நீங்கள் கேட்டது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். மூன்றாவதில் நீங்கள் ஊழியரே அல்ல, கன்சல்டன்ட். மாதாமாதம் நீங்கள் இன்வாய்ஸ் கொடுக்க, அவர்கள் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு பணம் போடுவார்கள். பிஎஃப், விடுப்பு, கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் எதுவும் கிடையாது. ‘பெனிஃபிட்ஸ் எல்லாம் உண்டு’ என்று சொல்லிவிட்டுக் கடைசியில் கன்சல்டன்ட் ஒப்பந்தத்தை நீட்டுகிற இடங்களும் இருக்கின்றன. மாதம் சாலரி ஸ்லிப் வருமா, இன்வாய்ஸ் கேட்பார்களா என்று விசாரித்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும். ஸ்டாஃபிங் கம்பெனி என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: அவர்களுக்கும் கிளையண்டுக்கும் நடுவில் வேறு வெண்டர் உண்டா? நடுவில் ஒருவர் இருந்தால் கிளையண்ட் தரும் பணம் இரண்டு கை மாறி வரும். சம்பளம் தாமதமாகிற புகார்கள் இந்த மாதிரி சங்கிலிகளில்தான் அதிகம்.

அடுத்தது காலம். ‘ஆறு மாதம்’ என்பதைத் தேதியாக மாற்றுங்கள். கிளையண்ட் ஸ்டாஃபிங் கம்பெனிக்குக் கொடுக்கும் பர்ச்சேஸ் ஆர்டரைத்தான் பிஓ என்கிறார்கள். உங்கள் இருக்கைக்கான பணம் எந்தத் தேதிவரை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது அதில்தான் இருக்கும். அந்த ஆறு மாதம் நீங்கள் சேரும் நாளிலிருந்து தொடங்கும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பிஓ ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் நடுவில் ஆஃபர் வருகிறது, 60 நாள் நோட்டீஸ் முடித்து ஜூன் 15 அன்று சேருகிறீர்கள். பிஓ தேதி நகராவிட்டால் உங்களுக்கு மிச்சம் மூன்றரை மாதம்தான். ஆகவே “கான்ட்ராக்ட் எவ்வளவு நாள்?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். “நான் ஜூன் 15 சேர்ந்தா, என் லெட்டர்ல எண்ட் டேட் என்ன போடுவீங்க? பிஓ எண்ட் டேட்டும் அதேதானா?” என்று கேளுங்கள். இரண்டு தேதியும் ஒன்றாக இல்லையென்றால், முன்னால் வருகிற தேதியே உங்கள் தேதி.

சில லெட்டர்களில் முடிவுத் தேதியே இருக்காது. ‘ப்ராஜெக்ட் முடியும் வரை’ என்று எழுதியிருப்பார்கள். தேதி இல்லாததால் நிரந்தரம் மாதிரித் தோன்றும், ஆனால் கிளையண்ட் “ரிலீஸ்” என்று ஒரு மெயில் போட்டால் அன்றைக்கே முடிந்துவிடக்கூடிய வேலை அது. இதனால் நோட்டீஸ் பீரியடை இரண்டு பக்கத்துக்கும் கேட்க வேண்டும். நீங்கள் விலகினால் 30 நாள், அவர்கள் நிறுத்தினால் 7 நாள் அல்லது உடனடி என்று ஒருதலையாக எழுதுவது இந்தத் தொழிலில் சாதாரணம். கிளையண்ட் ரிலீஸ் செய்தால் ஸ்டாஃபிங் கம்பெனி உங்களுக்கு எத்தனை நாள் சம்பளம் தரும், வேறு ப்ராஜெக்டில் போடும்வரை பெஞ்சில் வைத்திருப்பார்களா என்பதற்கு எண்ணாகப் பதில் வாங்குங்கள். “பாத்துக்கலாம் பிரதர்” என்பது பதில் இல்லை.

நீட்டிப்புக்கு வருவோம். ‘எக்ஸ்டெண்ட் ஆயிடும்’ என்பது ரெக்ரூட்டரால் தரக்கூடிய வாக்குறுதியே அல்ல. உங்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கிளையண்ட் மேனேஜர் நினைக்க வேண்டும், அவர் பட்ஜெட்டில் பணம் இருக்க வேண்டும், அவர்களுடைய பர்ச்சேஸ் பிரிவு புது பிஓ போட வேண்டும், அது வந்தபின் ஸ்டாஃபிங் கம்பெனி உங்களுக்கு எக்ஸ்டென்ஷன் லெட்டர் தர வேண்டும். மேனேஜருக்கு உங்களைப் பிடித்திருந்தும் பட்ஜெட் கை கொடுக்காமல் போவது உண்டு. அதனால் பிஓ முடிகிற மாதம் கிளையண்டின் நிதியாண்டு முடிகிற மாதமா என்று பாருங்கள். அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றுக்கு அது டிசம்பர். புது ஆண்டின் பட்ஜெட் ஒப்புதல் வரும்வரை நீட்டிப்பு இழுபறியாகக் கிடக்கும் காலம் அது.

இதற்கு நான் கேட்கச் சொல்வது மூன்று கேள்விகள். முடிவுத் தேதிக்கு எத்தனை நாள் முன்னால் நீட்டிப்பா இல்லையா என்று எழுத்தில் சொல்வீர்கள்? (30 நாள் என்றால் நல்லது, 15 நாளுக்குக் குறைந்தால் அடுத்த வேலை தேட நேரம் இல்லை.) நீட்டித்தால் அதே சர்வீஸ் தொடருமா, அல்லது பழையதை முடித்துப் புது லெட்டர் தருவீர்களா? இதே கிளையண்டில் இப்போது இருக்கும் உங்கள் ஆட்களில் ஒரு வருடம் தாண்டியவர்கள் எத்தனை பேர்? மூன்றாவது கேள்விக்கு வருகிற பதில் எந்த வாக்குறுதியையும் விட உபயோகமானது. பத்துப் பேரில் ஏழு பேர் என்றால் நம்பலாம். “அந்த டேட்டா என்கிட்ட இல்ல” என்றால் அக்கவுண்ட் மேனேஜரிடம் இருக்கும்.

நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள் என்ற பேச்சு வந்தால், அது ‘கான்ட்ராக்ட் டு ஹயர்’ என்ற வகையிலேயே போடப்பட்ட பதவியா என்று நேராகக் கேளுங்கள். கான்ட்ராக்ட் ஆளை அதிகபட்சம் இத்தனை மாதம்தான் வைத்துக்கொள்ளலாம், அதன்பின் இடைவெளி விட வேண்டும் என்று விதி வைத்திருக்கும் கிளையண்டுகளும் உண்டு. அங்கே எவ்வளவு நன்றாக வேலை பார்த்தாலும் அந்தத் தேதிக்கு மேல் நீளாது.

வழக்கமாகத் தவறு நடக்கிற இடம் ஒன்று உண்டு. முடிவுத் தேதி தாண்டிவிடுகிறது, “எக்ஸ்டென்ஷன் ப்ராசஸ்ல இருக்கு, நீங்க கண்டினியூ பண்ணுங்க” என்று வாய் வார்த்தையில் சொல்கிறார்கள், நீங்களும் லாகின் வேலை செய்கிறவரை வேலை பார்க்கிறீர்கள். பிஓ வரவில்லை என்றால் கிளையண்டால் டைம்ஷீட்டுக்கு ஒப்புதல் தர முடியாது, ஒப்புதல் இல்லாத டைம்ஷீட்டுக்கு ஸ்டாஃபிங் கம்பெனி சம்பளத்தை நிறுத்தி வைக்கும். அந்த நிலை வந்தால், கடைசித் தேதிக்கு முந்தின நாளே இரண்டு தரப்புக்கும் ஒரே மெயிலில் எழுதுங்கள்: என் லெட்டர் நாளையோடு முடிகிறது, நாளை மறுநாள் முதல் வேலை பார்க்கச் சொல்கிறீர்களா, அதற்குச் சம்பளம் உண்டா, எழுத்தில் உறுதி செய்யுங்கள் என்று. அந்த மெயிலுக்கு வரும் பதில்தான் பின்னால் உங்கள் ஆதாரம்.

இனி பெனிஃபிட்ஸ். ‘எல்லாம் உண்டு’ என்பதை நம்புவதற்கும் சந்தேகப்படுவதற்கும் பதிலாக சிடிசி பிரேக்கப்பைக் கேளுங்கள். உங்கள் 9.6 லட்சம் மாதம் 80,000. பேசிக் 40,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் பங்கான பிஎஃப் 12 சதவீதம், 4,800. கிராஜுவிட்டி என்று பேசிக்கில் 4.81 சதவீதம், 1,924. இன்சூரன்ஸ் பிரீமியம் 1,000 என்று கொள்ளலாம். இந்த மூன்றும் சிடிசிக்குள்ளேயே இருந்தால் உங்கள் மொத்தச் சம்பளம் 72,276. அதில் உங்கள் பங்கு பிஎஃப் 4,800, தொழில் வரி கொஞ்சம் போனால், வருமான வரி பார்ப்பதற்கு முன்பே கைக்கு வருவது சுமார் 67,000.

இதில் பிஎஃப் பணம் எங்கேயும் போகாது, உங்கள் கணக்கில்தான் சேரும். ஏற்கெனவே யுஏஎன் வைத்திருக்கும் உறுப்பினர் என்பதால், சம்பளம் 15,000-க்கு மேல் இருக்கிறது என்ற காரணத்தைச் சொல்லி உங்களை பிஎஃப்பிலிருந்து விலக்க முடியாது. 15,000-க்கு மட்டும் கணக்கிட்டு மாதம் 1,800 கட்டலாம், அது சட்டப்படி சரி. பிடித்த பணம் அடுத்த மாதம் 15-க்குள் கட்டப்பட வேண்டும். சேர்ந்த இரண்டாவது மாதத்தில் இபிஎஃப்ஓ பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால் கட்டுகிறார்களா என்று தெரிந்துவிடும். இஎஸ்ஐ உங்களுக்குப் பொருந்தாது, அது மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு.

நிதானமாகப் பார்க்க வேண்டியது அந்த 1,924. நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடம் என்பதே கிராஜுவிட்டியின் பொது விதி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், குறிப்பிட்ட கால வேலைக்கு எடுக்கப்பட்டவருக்கு ஒரு வருடம் முடிந்தாலே விகிதப்படி கிராஜுவிட்டி உண்டு. உங்களுடையது ஆறு மாத லெட்டர். அதோடு நின்றுவிட்டால் மாதம் 1,924 வீதம் 11,544 ரூபாய் சிடிசி எண்ணிக்கையில் மட்டும் இருந்துவிட்டுப் போகும், உங்களுக்கு வராது. நீட்டித்து ஒரு வருடம் ஆனால் கேட்கலாம், ஆனால் நடுவில் சர்வீஸை முறித்துப் புது லெட்டர் கொடுத்தால் அங்கேதான் வம்பு வரும். ‘சர்வீஸ் தொடருமா’ என்ற கேள்வியின் காரணம் இதுதான். ரெக்ரூட்டரிடம் இரண்டு விதமாகவும் பேசலாம்: லெட்டரில் ‘ஃபிக்ஸ்டு டேர்ம் எம்ப்ளாய்மென்ட்’ என்று போட்டு, நீட்டிப்பில் சர்வீஸ் தொடரும் என்று எழுதித் தாருங்கள், இல்லையென்றால் கிராஜுவிட்டியை சிடிசியிலிருந்து எடுத்துவிட்டு அதைச் சம்பளத்தில் சேருங்கள் என்று. இரண்டாவதற்குச் சில நிறுவனங்கள் ஒத்துக்கொள்கின்றன.

விடுப்பில் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள்: கிறிஸ்துமஸ் வாரத்தில் கிளையண்ட் ஆபீஸை மூடினால் எனக்கு அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா? பல ஒப்பந்தங்களில் ஸ்டாஃபிங் கம்பெனி கிளையண்டுக்கு பில் போட முடிகிற நாளுக்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

போனில் பேசியதையெல்லாம் அன்று மாலையே ஆங்கிலத்தில் சின்ன மெயிலாக அனுப்புங்கள். “பேசியதற்கு நன்றி. நான் புரிந்துகொண்டது இது” என்று தொடங்கி, பேரோல் நிறுவனத்தின் பெயர், லெட்டரின் முடிவுத் தேதி, பிஓ முடிவுத் தேதி, இரு தரப்பு நோட்டீஸ், நீட்டிப்பை எத்தனை நாள் முன் சொல்வார்கள், இன்சூரன்ஸில் யார் யார், எவ்வளவு தொகைக்கு என்று வரிசையாக எழுதி, தெரியாததை ‘உறுதி செய்யவும்’ என்று காலியாக விடுங்கள். காலி இடத்தைப் பார்த்தால் யாருக்கும் நிரப்பத் தோன்றும். மறுப்பு வராத மெயிலும் ஓரளவு பயன்தான், ஆனால் ஆஃபர் லெட்டரில் வேறு மாதிரி எழுதியிருந்தால் லெட்டர்தான் செல்லும். ஆகவே லெட்டர் வந்ததும் இந்த மெயிலைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள்.

இப்போது உங்கள் கணக்கைப் போடுவோம். சிடிசியில் மாதம் 20,000 அதிகம். 7.2 லட்சத்தை 80,000 ஆல் வகுத்தால் ஒன்பது வருகிறது. அதாவது கான்ட்ராக்டில் வருடத்துக்கு மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்தால் இப்போதைய சம்பளத்தோடு சமம். அதற்கு மேல் இடைவெளி விழுந்தால் நஷ்டம்.

இதைவிடப் பெரிய விஷயம், நீங்கள் நாலு வருடம் மூன்று மாதத்தில் நிற்கிறீர்கள். இப்போதைய பேசிக் 30,000 என்றால், ஐந்து வருடத்துக்கான கிராஜுவிட்டி 30,000 × 15 ÷ 26 × 5, அதாவது 86,538 ரூபாய். நாலு வருடம் முடிந்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தாலே தகுதி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சில நிறுவனங்கள் முழு ஐந்து வருடம் வேண்டும் என்று அடம்பிடிக்கும், ஆகவே உங்கள் எச்ஆரிடம் அவர்கள் நடைமுறை என்ன என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 240 நாள் கணக்குப்படி உங்களுக்கு இன்னும் சுமார் ஐந்து மாதம்தான். நோட்டீஸில் வேலை பார்க்கும் 60 நாளும் அதில் சேரும்.

கான்ட்ராக்ட் முழு ஆறு மாதம் ஓடினால் அதிகமாகக் கிடைப்பது 1,20,000. கிராஜுவிட்டியை விட்டுவிட்டுப் போனால் மிச்சம் 33,462. மேலே சொன்ன மாதிரி மூன்றரை மாதத்தில் பிஓ முடிந்தால் அதிகம் கிடைப்பது 70,000, கையைவிட்டுப் போவது 86,538. இந்த ஆஃபரில் பிஓ தேதி ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இந்த இரண்டு வரியிலேயே இருக்கிறது. என் யோசனை: பன்னிரண்டு மாத லெட்டர், 30 நாள் இருதரப்பு நோட்டீஸ் என்று எழுத்தில் வந்தால் யோசிக்கலாம். ஆறு மாதம்தான் என்றால், ஐந்து மாதம் கழித்துக் கூப்பிடச் சொல்லிவிட்டு எண்ணைச் சேமித்து வையுங்கள். டெஸ்டிங்கில் இந்த மாதிரி இடங்கள் வந்துகொண்டேதான் இருக்கும்.

போவதென்றே முடிவெடுத்தால், அப்பா அம்மாவின் இன்சூரன்ஸை ரிசைன் போடுவதற்கு முன்னால் கவனியுங்கள். பழைய ஆபீஸ் பாலிசி பொதுவாகக் கடைசி வேலை நாளோடு நின்றுவிடும், கான்ட்ராக்ட் பாலிசிகளில் பெற்றோர் இல்லாதது சகஜம். குழு பாலிசியிலிருந்து அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. ஏற்கெனவே கடந்த காத்திருப்புக் காலம் அதில் கணக்கில் வரும், புதிதாக எடுத்தால் முன்பே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். ஆனால் விண்ணப்பத்தை ஏற்பதும் பிரீமியத்தை முடிவு செய்வதும் அவர்கள் கையில். வயதும் சர்க்கரையும் பிபியும் பார்த்து யோசிப்பார்கள், மெடிக்கல் டெஸ்ட் கேட்பார்கள், வாரங்கள் ஆகும். எச்ஆரிடம் பாலிசி எண்ணும் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தொடர்பும் வாங்கி, நீங்கள் இன்னும் ஊழியராக இருக்கும்போதே விண்ணப்பம் போய்விட வேண்டும்.